மூணு தடவை

அக்டோபர் கடைசி ஞாயிற்றுக்கிழமை ஜெர்மனியில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னுக்குத் தள்ளினார்கள். மாதேஷுக்கு அதோடு மத்தியானச் சாப்பாட்டுத் துணை போயிற்று.

அதுவரை ஜெர்மனியில் பதினொன்றே முக்கால் என்றால் அவன் ஊர் மாரண்டஅள்ளிப் பக்கம் மூன்றேகால். அம்மா தோட்டத்திலிருந்து வந்து திண்ணையில் காலை நீட்டியிருக்கும் நேரம். ஆபீஸ் பின்பக்கப் படிக்கட்டில் உட்கார்ந்து, டப்பாவில் இருக்கும் எலுமிச்சை சாதத்தைத் தின்றுகொண்டே அரை மணி நேரம் பேசலாம். தக்காளி கூடை என்ன விலைக்குப் போச்சு, யார் வீட்டில் காது குத்து, போர் தண்ணி எத்தனை இஞ்ச் வருது என்று பேச்சுக்குப் பஞ்சமில்லை. இப்போது அதே நேரம் ஊரில் நாலேகால். மாடு கறந்து சொசைட்டிக்குப் பால் ஊற்றப் போகவேண்டும்.

"பேசுடா, கேட்டுக்கினுதான் இருக்கேன்" என்று அம்மா போனை மாட்டுக்கொட்டாய்ச் சுவரில் வைத்துவிடும். குண்டானில் பால் பீய்ச்சுகிற சத்தம்தான் வரும். நாலு நிமிடத்தில், "சரி சாமி, ராத்திரி பேசறேன்."

மீதி நேரம் படிக்கட்டும் அவனும்தான்.

வேலையில் குறை ஒன்றுமில்லை. ஸ்டுட்கார்ட் பக்கத்தில் ஒரு கம்பெனியில் பிரேக் டெஸ்டிங். ஓசூரில் ஆறு வருஷம் செய்த அதே வேலை, இங்கே குளிரில். மீட்டிங்கில் அவன் சொல்வதைக் கேட்பார்கள், ரிப்போர்ட்டைப் பாராட்டுவார்கள். ஆனால் பதினொன்றே முக்கால் ஆனதும் யாராவது ஒருவர் எழுந்து "மால்சைட்!" என்பார். மற்றவர்களும் "மால்சைட்" என்று எழுந்துகொள்வார்கள். நாற்காலிகள் நகரும், கதவு சாத்தும். சாப்பாட்டு வேளை என்று அர்த்தம் வரும் அந்த வார்த்தைக்கு அவனும் "மால்சைட்" என்று பதில் சொல்லிவிட்டு மானிட்டரைப் பார்ப்பான். எட்டு மாதமாக ஒருத்தர் திரும்பிப் பார்த்து, "நீ வரலையா?" என்று கேட்டதில்லை.

தோல் நிறமா, தன் ஜெர்மன் உளறலா, முதல் வாரம் டப்பாவில் கொண்டுபோன கருவாட்டுக் குழம்பா? ஒவ்வொன்றாக எடுத்து வைத்து யோசித்திருக்கிறான். கருவாடுதான் என்று பல நாள் நம்பினான். அதன் பிறகுதான் எலுமிச்சை சாதம்.

நவம்பரில் ஒரு நாள் அம்மா கறந்துகொண்டே சொன்னது:

"இன்னிக்கு மோட்டார் கழட்ட ஒரு பையன் வந்தான்டா. காலையில இருந்து வெயில்ல நிக்கறான். சாப்புடுப்பான்னேன். வேணாம்மா, இப்பத்தான் சாப்ட்டேன்றான். மறுக்கா கேட்டேன், பசியில்லன்றான். மூணாந்தரம் கேக்கவே இல்ல. வட்டில்ல களியப் போட்டு, கீரைக் கடைசல ஊத்தி முன்னாடி வெச்சிட்டேன். ரெண்டு உருண்டை தின்னான். அவனா வேணும்னு சொல்லுவான்?"

மாதேஷ் சிரித்தான். ஸ்பூன் பாதி வழியில் நின்றது.

மார்ச்சில், வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் நாள், பிர்கிட் அவன் மேசைக்கு வந்து, "கான்டீனுக்குப் போறோம், வரீங்களா?" என்று கேட்டாள். பசி வயிற்றைக் கிள்ளியது. "இல்லை, பரவாயில்லை, நீங்க போங்க" என்றான். சரி என்று தலையாட்டிவிட்டுப் போனாள். மறுபடி கேட்பாள் என்று அவன் மானிட்டரை அணைத்துக்கூட வைத்திருந்தான்.

எங்கள் பக்கத்தில் முதல் தடவை கூப்பிட்டதும் தட்டின் முன்னால் உட்காருகிறவனை 'காணாததைக் கண்டவன்' என்பார்கள். ஒரு தடவை கூப்பிட்டுவிட்டு விடுகிறவனுக்கு வேறு பேர் இருக்கிறது, அதை இங்கே எழுத முடியாது. அந்த ஊரிலோ வேண்டாம் என்றால் வேண்டாம்தான். சொன்னவன் சொன்னதை நம்புகிறார்கள், அவ்வளவுதான். பிர்கிட் பாவம் என்ன செய்வாள்?

"என்னடா சத்தத்தையே காணோம்?"

"ஒன்னுமில்லம்மா. நீ கற."

அடுத்த நாள் அவன் டப்பா கொண்டுபோகவில்லை. திரும்பி வர வழி இருக்கக்கூடாது என்றுதான். பதினொன்றரையிலிருந்தே ஒரே வரியை மனதுக்குள் ஜெர்மனில் மாற்றி மாற்றிச் சொல்லிப் பார்த்தான். ஓசூரில் நூறு பேர் முன்னால் ஆடிட் பதில் சொன்னவன் அவன். இதற்கு உள்ளங்கை வேர்த்தது. கூப்பிடாத பந்திக்குப் போய் இலை கேட்பது மாதிரி இருந்தது.

"மால்சைட்!" என்றார் ஊவே.

மாதேஷ் எழுந்தான். "நானும் வரட்டுமா?"

இரண்டு பேர் திரும்பினார்கள். பிர்கிட் கையில் கோட்டோடு நின்றாள்.

"கட்டாயம் வாங்க. ஆனா இந்த நேரத்துல தினமும் வீட்டுக்குப் பேசுவீங்களே? படிக்கட்டுப் பக்கம் பார்த்திருக்கோம். தொந்தரவு பண்ணக் கூடாதுன்னு இருந்தோம்."

"அம்மா இப்ப மாடு கறக்கறாங்க" என்றான். வேறென்ன சொல்ல? ஊவேவுக்கு அது புரிய இரண்டு நிமிடம் ஆனது. புரிந்ததும், தன் தாத்தாவிடம் ஆறு மாடு இருந்ததென்று கான்டீன் வரை மாட்டுக் கதையே சொல்லிக்கொண்டு வந்தார்.

கான்டீனில் காசு வாங்க மாட்டார்கள், கார்டில்தான் கழிப்பார்கள். மாதேஷின் கார்டில் எட்டு மாதமாகச் சைபர். பிர்கிட் தன் கார்டைத் தேய்த்தாள். அன்றைக்கு லின்ஸன் ஷ்பெட்ஸ்லே, அந்த வட்டாரத்துச் சாப்பாடு. பழுப்பாக வெந்த முழுப் பயறு, பக்கத்தில் குட்டை குட்டையாக மாவுச் சேவை, மேலே நீளமாக ஒரு சாசேஜ். சாசேஜ் வேண்டாம் என்றான், அதையும் நம்பி எடுத்துவிட்டார்கள். பார்க்க அம்மாவின் கொள்ளுக் கடைசல் மாதிரியே இருந்தது. ஒரு வாய் வைத்தான். உப்பு சப்பில்லை. ஊவே வினிகர் பாட்டிலை அவன் பக்கம் தள்ளி, ஊற்று ஊற்று என்று கையைக் காட்டினார். ஊற்றியதும் கொஞ்சம் வழிக்கு வந்தது.

பேச்சு முழுக்கப் புரியவில்லை. கால்பந்து, வாடகை, யாரோ ஒருவருடைய முழங்கால் ஆபரேஷன். பாதியில் அவர்கள் இவனுக்காக ஆங்கிலத்துக்கு வருவதும், மறந்துபோய் ஜெர்மனுக்குத் திரும்புவதுமாக இருந்தது. திரும்பும்போது அவனுக்கு வருத்தமாக இல்லை என்பது அவனுக்கே ஆச்சரியம்.

அன்று ஊவேவுக்குப் பிறந்தநாளாம். அங்கே பிறந்தநாள்காரர்தான் கேக் கொண்டுவர வேண்டும். ஆப்பிள் கேக் தட்டு சுற்றி வந்து அவன் முன்னால் நின்றது.

"வேணுமா?"

"இல்லை, பரவாயி..." வாய் அதுபாட்டுக்குச் சொல்லிவிட்டது. தட்டு நகர்ந்துவிட்டது.

"ஊவே, ஊவே! வேணும்."

மேசையே சிரித்தது. பெரிய துண்டாக ஒன்று வந்தது.

ராத்திரி அம்மாவே கூப்பிட்டது.

"மத்தியானம் ஏன்டா போன் பண்ணல? கறந்துக்கினே காதத் தீட்டிக்கினு இருந்தேன்."

"ஆபீஸ்ல எல்லாரோடவும் சாப்புடப் போனேன்மா."

அந்தப் பக்கம் சற்று நேரம் சத்தமில்லை. பிறகு, "என்னா போட்டாங்க?"

"நம்ம கடைசல் மாதிரிதான். பயறுல வினிகர ஊத்தித் திங்கறாங்க."

"அதென்னா வினிகரு?"

"புளிப்புக்கு."

"அய்ய, புளியே கெடைக்காதா அந்த ஊர்ல? நம்ம மரத்துது புதுப்புளி கொட்டை எடுத்து வெச்சிருக்கேன். மாமன் மவன் தை மாசம் அங்கதான வரான். அவங்களுக்கும் சேத்து ரெண்டு கிலோ குடுத்து உடட்டுமா?"

போன தடவை முறுக்குக்கும், அதற்கு முன்னால் ராகி மாவுக்கும், "என்னாத்துக்கும்மா, வேணாம்" என்றுதான் ஆரம்பித்திருந்தான்.

"குடுத்து உடும்மா" என்றான்.

"ஒரே தரத்துல சரின்னுட்ட?" என்றது அம்மா. "ஒடம்பு நல்லாருக்குதாடா?"