குளிர்சாதனப் பெட்டிக் குறைபாடு: ஒரு பக்கப் புகார் மனு

மதுரை மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தின் முன்
நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019, பிரிவு 35-இன் கீழ் புகார்

மனுதாரர்: பெட்டியை வாங்கியவர், மதுரைவாசி
முதல் எதிர்தரப்பினர்: விற்ற கடை
இரண்டாம் எதிர்தரப்பினர்: தயாரித்த நிறுவனம்

1. வீட்டு உபயோகத்துக்காக 12.04.2025 அன்று முதல் எதிர்தரப்பினரிடம் ரூ.31,500 செலுத்திக் குளிர்சாதனப் பெட்டி வாங்கினேன் (ஆவணம் 1, ரசீது). ஓராண்டு முழு உத்தரவாதம் உண்டு (ஆவணம் 2).

2. இரண்டு மாதம்கூட ஆகவில்லை, குளிர்ச்சி நின்றது. 03.06.2025 அன்று வந்த மெக்கானிக் கேஸ் நிரப்பினார். மீண்டும் நின்றதால் 21.07.2025 அன்று இரண்டாம் முறை நிரப்பினார்கள். 02.09.2025 அன்று வந்தவர் தம் சர்வீஸ் சீட்டில் எழுதியது: "உட்புறச் சுருளில் கசிவு, சரிசெய்ய இயலாது" (ஆவணங்கள் 3 முதல் 5 வரை).

3. அதன் பிறகும் இரண்டாம் எதிர்தரப்பினர், மின்னழுத்த ஏற்ற இறக்கமே காரணம், உத்தரவாதம் பொருந்தாது என்று 15.09.2025 அன்று மின்னஞ்சல் அனுப்பினார்கள் (ஆவணம் 6). அவர்களுடைய மெக்கானிக்கின் சீட்டில் மின்னழுத்தம் பற்றி ஒரு சொல்லும் இல்லை. பெட்டி முதல் நாளிலிருந்தே ஸ்டெபிலைசர் வழியாகத்தான் இயங்குகிறது (ஆவணம் 7). மூடிய சுருளிலிருந்து கேஸ் திரும்பத் திரும்ப வெளியேறுவது தயாரிப்புக் குறைபாடு, பிரிவு 2(10). அதை மறுப்பதாக இருந்தால், பிரிவு 38(2)(c)-இன்படி ஆய்வகச் சோதனைக்கு அனுப்பக் கோருகிறேன்.

4. என் தாயார் சர்க்கரை நோயாளி. அவருடைய இன்சுலினைத் திறக்கும்வரை 2 முதல் 8 டிகிரிக்குள் வைக்க வேண்டும். 28.08.2025 காலை கதவைத் திறந்தபோது உள்ளே வைத்திருந்த வெப்பமானி 24 டிகிரி காட்டியது (ஆவணம் 8, புகைப்படம்). திறக்காத ஐந்து இன்சுலின் குப்பிகளைத் தூக்கிப் போட்டோம், ரூ.2,340 இழப்பு (ஆவணம் 9). அன்றுமுதல் பக்கத்து வீட்டுப் பெட்டியில் மருந்து வைத்து, வேளைக்கு வேளை வாங்கி வருகிறோம்.

5. 24.09.2025 அன்று இருவருக்கும் அறிவிப்பு அனுப்பினேன் (ஆவணம் 10). பொறுப்பு தயாரிப்பாளருடையது என்று கடைக்காரர் பதில் எழுதினார். தயாரிப்பாளரிடமிருந்து பதில் இல்லை. தொலைபேசி உரையாடல்களுக்கு ஆவணம் இல்லாததால் அவற்றை இங்கே சேர்க்கவில்லை.

6. நான் இம்மாவட்டத்தில் வசிக்கிறேன்; செலுத்திய தொகை ரூ.50 லட்சத்துக்கு உட்பட்டது. பிரிவு 69 கூறும் இரண்டாண்டுக்குள் மனு தாக்கலாகிறது.

கோரும் பரிகாரம்: எதிர்தரப்பினர் இருவரும் கூட்டாகவும் தனித்தனியாகவும்,

(அ) ரூ.31,500-ஐ 12.04.2025 முதல் ஆண்டுக்கு 9 சதவீத வட்டியுடன் திருப்பித் தந்து, பழுதான பெட்டியைத் தங்கள் செலவில் எடுத்துச் செல்லவும்;
(ஆ) மருந்து இழப்பு ரூ.2,340, மன உளைச்சலுக்கு ரூ.20,000, வழக்குச் செலவு ரூ.5,000 வழங்கவும் உத்தரவிடக் கோருகிறேன்.

மாற்றுப் பெட்டி வேண்டாம். மூன்று முறை பழுதானதை அனுபவித்த பிறகு, தாயாரின் மருந்தை அதே தயாரிப்பை நம்பி வைக்க என்னால் இயலாது.

மேலே கூறியவை என் அறிவுக்கு எட்டியவரை உண்மை.

மதுரை, 17.11.2025
மனுதாரர் (கையொப்பம்)