கோப்பி (2012–2025)

எங்கள் நாய் கோப்பி செவ்வாய்க்கிழமை காலை இறந்துவிட்டாள். வயது 13. இரண்டு சிறுநீரகங்களும் செயலிழந்துவிட்டன. அம்மாவும் நானும் கூடவே இருந்தோம். தனித்தனியாக எல்லாருக்கும் சொல்ல என்னால் முடியவில்லை, அதனால் இங்கே எழுதுகிறேன்.

முதல் படம் என் அண்ணன் மகள் எடுத்தது. கை ஆடியதால் கொஞ்சம் மங்கலாக இருக்கிறது. ஆனால் ஒரு காது நிமிர்ந்து, ஒரு காது மடங்கி, வாசல் கேட்டின் இரண்டு கம்பிகளுக்கு நடுவில் மூக்கை வைத்துக்கொண்டு நிற்கிறாளே, அதுதான் அவள். எங்கள் லோரோங்கில் நடந்து போன எல்லாரும் அந்த மூக்கைப் பார்த்திருப்பீர்கள். இரண்டாவது படத்தில் இருப்பது குட்டி கோப்பி. பால் ஊற்றாத கோப்பியின் நிறம். பெயர் வைக்க யாரும் யோசிக்கவே இல்லை.

2012-இல் பட்டர்வொர்த்தில் ஒரு லாரி நிறுத்தும் இடத்திலிருந்து மாமா கொண்டுவந்தார். தாய் நாய் அங்கே அடிபட்டுக் கிடந்ததாம். சட்டைக்குள் வைத்து பெர்ரியில் ஏறி, கெலுகோர் வரை வந்து, அம்மா கையில் கொடுத்துவிட்டு, 'அக்கா, ரெண்டு நாள் பார்த்துக்கோ' என்றார். மாமா அதற்குப் பிறகு அவளைத் திருப்பிக் கேட்கவே இல்லை. அம்மாவும் கொடுத்திருக்க மாட்டார்.

அப்பா காலமான பிறகு வீட்டில் நானும் அம்மாவும்தான். அண்ணன் ஜொகூரில் இருக்கிறார். நான் பாயான் லெப்பாஸில் ஷிப்ட் வேலை செய்பவள். இரவு வேலைக்குப் போகும் வாரங்களில் அம்மா தனியாகத்தான் படுக்க வேண்டும். அந்த வாரங்களில் கோப்பி தன் இடத்தை மாற்றிக்கொள்வாள். மற்ற நாளில் ஹாலில் விசிறிக்கு நேராகப் படுப்பவள், அப்போது மட்டும் அம்மாவின் அறை வாசலில் குறுக்கே படுப்பாள். யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. காலையில் பேக்டரி பஸ் முனையில் திரும்பும்போதே எழுந்து கேட்டுக்கு வந்துவிடுவாள் என்று அம்மா சொல்வார். நான் இறங்கி நடந்து வரும்போது அந்த மூக்கு அங்கே இருக்கும்.

மூன்று பேர் மூன்று மொழியில் அவளைக் கூப்பிடுவார்கள். அம்மா 'வாடி'. எதிர் வீட்டு ஹொக்கியன் ஆண்டி 'லாய், லாய்'. நான் மட்டும் விசில். மூன்றுக்கும் போவாள். இரண்டு வீடு தள்ளி இருக்கும் மக்சிக் அவளைத் தொட்டதில்லை, அவர் மார்க்கத்தில் அது வழக்கமில்லை. ஆனால் வேகவைத்த மீன் தலையைப் பையில் கட்டி எங்கள் கேட்டில் மாட்டிவிட்டு, தள்ளி நின்று, 'சுடா மாக்கான்?' என்று அவளிடமே கேட்பார். செவ்வாய்க்கிழமை மாலை அம்மா விஷயத்தைச் சொன்னதும் அவர் கேட்டைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் ஒன்றும் பேசாமல் நின்றார். மக்சிக், இதை யாராவது உங்களுக்குப் படித்துக் காட்டினால், எங்கள் நன்றி.

2015-ஐ நாங்கள் மறக்க மாட்டோம். பெர்லிஸ், கெடா, பிறகு பினாங்கு என்று வெறிநாய்க்கடி நோய் வந்தது. தெருநாய்களைப் பிடித்துக் கொன்றார்கள். எதிர்த்துப் போராடியவர்களும் நிறையப் பேர். கோப்பிக்கு அப்போது மூன்று வயது. தடுப்பூசி போட்டு, உரிமத் தகட்டைக் கழுத்தில் கட்டி, பகலிலும் கேட்டைப் பூட்டியே வைத்திருந்தோம். எங்கள் சாலையின் கடைசியில், குப்பைத் தொட்டி பக்கம் மூன்று நாய்கள் இருக்கும். அம்மா தினமும் சோறு வைப்பார். ஒரு வாரத்தில் மூன்றும் இல்லை. நோயைத் தடுக்க வேண்டும் என்பது எனக்குப் புரிகிறது. ஆனால் சட்டியை எடுத்துக்கொண்டு அம்மா திரும்பி வந்ததை நான் பார்த்தேன். மாமா அன்று சட்டைக்குள் எடுத்து வைக்காமல் போயிருந்தால், கோப்பியும் அப்படி ஒரு குப்பைத் தொட்டி பக்கம்தான் வளர்ந்திருப்பாள்.

அவளுக்கு இரண்டு பயம் உண்டு. ஒன்று கடல். பத்து பெரிங்கிக்கு ஒரு முறை கூட்டிப் போனோம், அலை திரும்பிப் போகும்போது காலடி மணல் சரிந்ததும் காருக்கே ஓடிவிட்டாள். இன்னொன்று பட்டாசு. தீபாவளியைக்கூடப் பொறுத்துக்கொள்வாள். சீனப் பெருநாளின் ஒன்பதாம் நாள் பிறக்கும் இரவுதான் கஷ்டம். ஹொக்கியன் மக்கள் வாசலில் மேசை போட்டு, கரும்பு கட்டி, நள்ளிரவில் தீ கோங்கைக் கும்பிடும் இரவு. பினாங்கில் அந்த இரவு எப்படி வெடிக்கும் என்று இங்கே இருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பதினொரு மணிக்கே அம்மா ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை எடுத்துக்கொண்டு கீழ்க் குளியலறைக்குள் போய் உட்காருவார், கோப்பி அவர் காலடியில். மின்னல் எஃப்எம்மைச் சத்தமாக வைத்துவிடுவோம். எதிர் வீட்டு ஆண்டி, தன் வீட்டுப் பட்டாசைக் கொளுத்துவதற்கு முன்னால் எங்களுக்கு ஒரு போன் போடுவார், 'கோப்பி உள்ளே போயாச்சா?' என்று.

தைப்பூச விரதத்தில் எங்கள் வீட்டு அடுப்பில் மீன் ஏறாது. கோப்பிக்கு மட்டும் பின்கட்டில் தனி கேஸ் அடுப்பு, தனிச் சட்டி, முள் எடுத்த கெம்போங் மீன். 'விரதம் எனக்குத்தானே, அவளுக்கு எதுக்கு?' என்பார் அம்மா. ஆனால் தண்ணீர்மலை கோயிலுக்குப் போய் வந்ததும் முதல் விபூதி அவள் நெற்றிக்குத்தான்.

இந்த வருட ஆரம்பத்தில் தண்ணீர் அதிகமாகக் குடிக்க ஆரம்பித்தாள். வெயில் என்று நினைக்கிற அளவுக்கு வெயிலும் இருந்தது. பிறகு எடை குறைந்தது. ரத்தப் பரிசோதனையில் யூரியாவும் கிரியாட்டினினும் மிக அதிகம். சிறுநீரகத்தில் முக்கால் பங்கு வேலை நின்ற பிறகுதான் ரத்தத்தில் இது தெரிய வரும் என்று டாக்டர் விளக்கினார். குணமாக்க முடியாது, நன்றாக இருக்கும் நாட்களைக் கூட்டிக் கொடுக்கலாம் என்றார். எனக்கு அந்தச் சொல் பிடித்திருந்தது. பொய் நம்பிக்கை கொடுக்கவில்லை, கையும் விரிக்கவில்லை.

அதன் பிறகு வீட்டிலேயே தோலுக்கடியில் ரிங்கர் லாக்டேட் என்ற உப்பு நீரை ஏற்றினோம். இரண்டு தோள்களுக்கும் நடுவில் தோலைக் கூடாரம் போலத் தூக்கி, ஊசியைச் செருக வேண்டும். பாட்டிலை ஜன்னல் கம்பியில் மாட்டிவிட்டு நான் ஊசியைப் பிடித்துக்கொள்வேன். அம்மா அவள் முகத்தைக் கையில் ஏந்தி, எங்கள் குடும்பக் கதைகளையெல்லாம் அவளிடம் சொல்வார். பாட்டி எஸ்டேட்டில் பால் வெட்டிய கதை, அப்பா பெண் பார்க்க வந்த கதை. சில கதைகளை நானே அப்போதுதான் முதல் முறை கேட்டேன். ஏற்றிய நீர் தோள் பக்கம் பொட்டலம் மாதிரி வீங்கி, மெல்லக் காலுக்கு இறங்கி, சில மணி நேரத்தில் வற்றிவிடும். அவள் ஒரு முறைகூடக் கடிக்க வந்ததில்லை. டாக்டர் கொடுத்த டின் உணவு அவளுக்குப் பிடிக்கவில்லை, அதில் அம்மா முட்டை வெள்ளைக்கரு கலந்து கொடுத்தால் கொஞ்சம் சாப்பிடுவாள். இப்படிப் பல மாதம் நன்றாகவே இருந்தாள். மாலையில் முனைவரை நடப்பாள். தபால்காரர் மோட்டாரைப் பார்த்துக் குரைப்பாள்.

போன வாரம் சாப்பாட்டை நிறுத்தினாள். வாயில் அந்த நோயின் வாடை. மீனை மூக்கருகில் கொண்டு போனாலும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஞாயிறு இரவு எழுந்து நிற்க முயன்று விழுந்தாள். அம்மாதான் சொன்னார், 'போதும்மா. நம்மளுக்காக இழுத்துப் பிடிக்க வேணாம்.'

கிளினிக்கில் நடந்ததைச் சொல்கிறேன், ஏனென்றால் இதே முடிவை எடுக்க வேண்டிய நிலையில் இருக்கும் சிலர் என்னிடம் ஏற்கெனவே கேட்டுவிட்டீர்கள். முதலில் தூக்கத்துக்கு ஓர் ஊசி. அம்மா மடியில் தலை வைத்தபடியே உடம்பு தளர்ந்தது. பிறகு முன்னங்காலில் போட்டிருந்த குழாய் வழியாக இரண்டாவது மருந்து. ஒரு நிமிடத்துக்குள் மூச்சு நின்றது. டாக்டர் ஸ்டெதஸ்கோப் வைத்துப் பார்த்துவிட்டுத் தலையை அசைத்தார். கண் மூடாது என்று முன்கூட்டியே சொல்லியிருந்தார், அதனால் பயப்படவில்லை. துடிக்கவில்லை. வலித்த மாதிரி ஒரு சத்தம்கூட இல்லை. அம்மா அவள் காதை, அந்த மடங்கிய காதை, தடவிக்கொண்டே இருந்தார். நான் அழுதேன். கவுண்டரில் பணம் கட்டும்போதும் அழுதேன், பாலத்தில் காரை ஓட்டும்போதும் அழுதேன். தகனம் செய்யும் இடம் பெருநிலத்தில் இருக்கிறது. சாம்பலை ஒரு சின்ன ஜாடியில் கொடுத்தார்கள். கடலில் கரைக்கலாமா என்று மாமா கேட்டார். அலையைக் கண்டு பயந்தவளைக் கடலில் விட மாட்டேன் என்று அம்மா சொல்லிவிட்டார். இப்போதைக்கு ஜாடி ஹாலில், விசிறிக்கு நேராக இருக்கிறது.

அண்ணன் மகளுக்கு ஏழு வயது. கோப்பி எங்கேயோ ஓடிவிட்டாள் என்று சொல்லிவிடலாம் என்றார் அண்ணி. நான் வேண்டாம் என்றேன். ஓடிப் போனாள் என்றால் பிள்ளை அவளைத் தேடிக்கொண்டே இருக்கும், நம்மை விட்டு ஏன் போனாள் என்றும் கேட்கும். இறந்துவிட்டாள் என்று அண்ணன்தான் போனில் பக்குவமாகச் சொன்னார். நிறைய அழுதாளாம். பிறகு அந்த முதல் படத்தை எனக்கு அவளே அனுப்பினாள்.

'நாய்தானே' என்று நேற்று ஒருவர் சொன்னார். ஆமாம், நாய்தான். எங்கள் நாய். வீடு சத்தமில்லாமல் இருக்கிறது, எங்களுக்குத் துக்கமாக இருக்கிறது. அம்மா இன்னும் சோற்றுப் பானையில் ஒரு பிடி அரிசி கூடப் போட்டுவிடுகிறார். நான் லீவு எடுத்துக்கொண்டு அவரோடு இருக்கிறேன். வேறு குட்டி வேண்டுமா என்று அன்போடு கேட்டவர்களுக்கு நன்றி. இப்போது வேண்டாம். அம்மாவிடம் நேரில் அதைக் கேட்காமல் இருந்தால் நல்லது. கோப்பியைப் பற்றிப் பேச வேண்டும் என்றால் தாராளமாக வாருங்கள், அம்மாவுக்கு அதுதான் வேண்டும். மாலை ஐந்து மணிக்கு மேல் வீட்டில்தான் இருப்போம், தேத்தண்ணி போட்டுத் தருவோம்.

திறக்காத ரிங்கர் லாக்டேட் பாட்டில்கள், புது ஊசிகள், சிறுநீரக நோய்க்கான உணவு டின்கள் கொஞ்சம் மீதி இருக்கின்றன. எல்லாம் காலாவதி ஆகாதவை. உங்கள் நாய்க்கோ பூனைக்கோ தேவைப்பட்டால், ஒத்துவருமா என்று முதலில் உங்கள் டாக்டரிடம் கேட்டுவிட்டு, எனக்குச் செய்தி அனுப்புங்கள். காசு வேண்டாம். ஜெலுத்தோங், கெலுகோர், ஆயர் ஈத்தாம் பக்கம் என்றால் நானே கொண்டு வந்து தருகிறேன்.