உள்தணிக்கைச் சாசனம்: கிருஷ்ணகிரி மாங்கூழ் உற்பத்தியாளர் கம்பெனி

இந்தச் சாசனத்தைப் போர்டு ஏற்று, எல்லாக் கொள்முதல் மையத்திலும் ஒட்டி வைக்கிறது. மாங்காய் போடுகிற ஒவ்வொரு உறுப்பினரும் படிக்க வேண்டும் என்பதால் வக்கீல் தமிழைத் தவிர்த்திருக்கிறோம்.

எதற்காக

2013 கம்பெனிகள் சட்டம், பிரிவு 378ZF-ன்படி நம்மைப் போன்ற உற்பத்தியாளர் கம்பெனி ஒரு பட்டயக் கணக்காளரை வைத்து உள்தணிக்கை செய்தாக வேண்டும். செய்துகொண்டுதான் இருந்தோம். ஆனால் போன சீசனில் அறிக்கை முதலில் தலைமை நிர்வாகியின் மேசைக்குப் போய், மூன்று வாரம் அங்கேயே கிடந்து, பெங்களூரா காய்க்குக் கழிவு பிடித்த பக்கம் இல்லாமல் போர்டுக்கு வந்தது. எடைச்சீட்டுக் கட்டைக் கேட்டபோது "சீசன் முடியட்டும்" என்று பதில். அது திரும்ப நடக்கக் கூடாது.

யாருக்குப் பதில் சொல்வார்

உள்தணிக்கையாளர் போர்டின் தணிக்கைக் குழுவுக்குத்தான் பதில் சொல்வார். குழுவில் மூன்று இயக்குநர்கள் இருப்பார்கள். கொள்முதல் மையம் நடத்துபவரோ, நம்மிடம் லாரி வாடகை வாங்குபவரோ, அவர்கள் வீட்டாரோ குழுவில் இருக்க முடியாது. இயக்குநர்களும் காய் போடுகிற விவசாயிகள்தான், அதில் தவறில்லை. ஆனால் ஒருவருடைய சொந்த லோடு பற்றிய பேச்சு வந்தால் அவர் எழுந்து வெளியே போய்விட வேண்டும், அதை மினிட்ஸில் எழுத வேண்டும்.

உள்தணிக்கையாளரை நியமிப்பது, நீக்குவது, கட்டணம் வைப்பது, வருடத் திட்டத்தை ஏற்பது நான்கையும் குழுவின் பரிந்துரையில் போர்டுதான் முடிவு செய்யும். நீக்குவதென்றால் காரணத்தை எழுத்தில் தர வேண்டும், அவர் தரப்பைப் போர்டு நேரில் கேட்க வேண்டும். கட்டணம் பட்ஜெட்டில் தனி வரியாக நிற்கும், நடுவில் யாரும் குறைக்க முடியாது. பயணப் பில், உட்கார இடம், கம்ப்யூட்டர் போன்ற அன்றாட விஷயங்களை மட்டும் தலைமை நிர்வாகி பார்த்துக்கொள்வார்.

வரைவு அறிக்கை குழுவுக்கும் தலைமை நிர்வாகிக்கும் ஒரே நாளில் போகும். நிர்வாகம் 7 நாளில் பதில் எழுதலாம், அந்தப் பதில் அப்படியே பின்னால் சேர்க்கப்படும்; அறிக்கையின் வாசகத்தில் கை வைக்கும் உரிமை மட்டும் கிடையாது. வருடத்தில் நான்கு முறையாவது, அதில் இரண்டு சீசன் ஓடும்போதே, நிர்வாகத்தில் யாரும் இல்லாமல் குழு அவரோடு உட்கார வேண்டும்.

மோசடி சந்தேகம் என்றால் உள்தணிக்கையாளர் யாரிடமும் சொல்லாமல் நேராகக் குழுத் தலைவரிடம் போகலாம். தலைவர் மேலேயே சந்தேகமா? அப்புறம் மற்ற இரண்டு உறுப்பினர்களிடமும், வருடாந்திரக் கணக்கைத் தணிக்கை செய்யும் ஆடிட்டரிடமும் போகலாம்.

எதையெல்லாம் பார்க்கலாம்

எல்லாவற்றையும், முன்கூட்டிச் சொல்லாமல். எடைமேடைப் பதிவு, எடைச்சீட்டின் அடிக்கட்டை, கழிவுப் பதிவேடு, டிரம் இருப்பு, கோடவுன் சாவிப் பதிவு, பேங்க் ஸ்டேட்மென்ட், வவுச்சர், ஏற்றுமதி ஒப்பந்தம், மினிட்ஸ் புத்தகம். டேலியிலும் எடைமேடை கம்ப்யூட்டரிலும் அவருக்குத் தனி லாகின், பார்க்க மட்டும், வருடம் முழுக்க. கணக்குப் பிரிவு எடுத்துத் தரும் பிரின்ட் போதாது, ஏனென்றால் அழித்துத் திருத்திய எடை அதில் தெரியாது. எடைமேடை கேமராப் பதிவை 60 நாள் அழிக்கக் கூடாது.

"எதற்குக் கேட்கிறீர்கள்" என்று யாரும் கேட்கக் கூடாது. சீசனில் 4 மணி நேரம், மற்ற நாளில் ஒரு வேலை நாள். அதற்குள் தராவிட்டால் அன்றே குழுத் தலைவருக்கு எழுதுவார், தலைவர் மறுநாளே உத்தரவு போடுவார். அப்போதும் கிடைக்காவிட்டால், எந்த ஆவணம், யார் மறுத்தார் என்பது அறிக்கையின் முதல் பக்கத்தில் வரும். போச்சம்பள்ளி மையமோ பர்கூர் மையமோ, எல்லோருக்கும் இதே விதி. தகவல் கொடுத்த ஊழியரை இடம் மாற்றுவதோ சம்பளத்தைப் பிடிப்பதோ ஒழுங்கு மீறல்.

உறுப்பினர்களின் ஆதார் எண்ணும் பேங்க் கணக்கும் கண்ணில் படும். சரிபார்க்கலாம், போட்டோ எடுக்கவோ வெளியே பேசவோ கூடாது.

அவர் செய்யக் கூடாதவை

விலை வைப்பது, காய்க்குத் தரம் போடுவது, செக்கில் கையெழுத்து, வவுச்சர் பதிவது எதுவும் கூடாது. தான் செய்ததைத் தானே தணிக்கை செய்ய முடியாது. அவரோ அவருடைய ஆளோ கடந்த 12 மாதத்துக்குள் வேலை பார்த்த பிரிவை வேறொருவர்தான் தணிக்கை செய்ய வேண்டும். தன் சுதந்திரத்துக்கு இடையூறு உண்டா இல்லையா என்று வருடம் ஒருமுறை குழுவுக்கு எழுதித் தர வேண்டும், காய் லோடு அன்பளிப்பாக வந்தாலும் அதையும் சேர்த்து.

போர்டு ஏற்ற நாளிலிருந்து இது நடப்புக்கு வருகிறது. ஒவ்வொரு வருடமும் சீசன் தொடங்கும் முன் குழு இதை மறுபடி படித்துப் பார்க்கும். திருத்தம் போர்டு தீர்மானத்தால் மட்டுமே.