கர்ப்பப்பை எடுக்கும் ஆபரேஷனுக்கான சம்மதப் படிவம்: எளிய தமிழ் வடிவம்

வாசித்துக் காட்டும் செவிலியருக்கு

இந்தப் படிவம் காதால் கேட்பதற்காக எழுதப்பட்டது. இதுவரை நம் மகளிர் வார்டில் இருந்த படிவத்தில் "மேற்கண்ட செயல்முறையின் பின்விளைவுகள் யாவும் எனக்கு விளக்கப்பெற்று, அவற்றை யான் முழுமையாக உணர்ந்து ஒப்புதல் அளிக்கிறேன்" என்று ஒரு வரி இருந்தது. ஐந்தாம் வகுப்போடு பள்ளியை விட்ட ஒருவரிடம் அதை வாசித்தால் மரியாதைக்காகத் தலையாட்டுவார். நாமும் அவர் பெருவிரலைப் பிடித்து மையில் வைத்துவிடுவோம். இரண்டு பேர் ஒரே விஷயத்தை ஒரே பொருளில் ஒத்துக்கொள்வதையே 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம் தன் 13ஆம் பிரிவில் சம்மதம் என்கிறது. அந்த அளவுகோலில் பழைய படிவம் தேறாது.

சொற்களை எளிமையாக்கியபோது சட்டப் பொருள் தளர்ந்துவிடாமல் இருக்க மூன்று இடங்களில் அதிகக் கவனம் எடுத்திருக்கிறேன். வாசிக்கும்போது அந்த இடங்களைச் சுருக்க வேண்டாம். முதலாவது, ஆபரேஷனின் எல்லை. ஆங்கில மூலத்தில் "தேவை எனக் கருதப்படும் பிற சிகிச்சைகள்" என்று பொதுவாக இருந்தது. நோயைக் கண்டறியும் சோதனைக்கு மட்டும் சம்மதித்த ஒரு பெண்ணுக்கு, அவர் மயக்கத்தில் இருந்தபோது தாயிடம் சம்மதம் வாங்கிக் கர்ப்பப்பையை எடுத்த வழக்கில், சமீரா கோலி எதிர் டாக்டர் பிரபா மன்சந்தா என்ற 2008ஆம் ஆண்டுத் தீர்ப்பில், அது செல்லாது என்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அதனால் நம் நெறிமுறைக் குழுவின் அனுமதியோடு ஆங்கில மூலத்திலேயே அந்த வரியைத் திருத்திய பிறகுதான் தமிழில் எழுதினேன். மொழிபெயர்ப்பவர் தானாக எல்லையைக் குறுக்கவும் கூடாது, அகட்டவும் கூடாது.

இரண்டாவது, கணவரின் கையெழுத்து. பிள்ளைப்பேறு இல்லாமல் போகக்கூடிய ஆபரேஷனுக்குக் கணவன், மனைவி இருவர் சம்மதமும் தேவை என்று 2002ஆம் ஆண்டின் மருத்துவ நன்னடத்தை விதிகள் சொல்வதால் அவரிடமும் கையெழுத்து வாங்குகிறோம். ஆனால் அது மனைவியின் சம்மதத்துக்கு ஈடாகாது. இரண்டும் தனித்தனி வாக்குமூலங்களாக இருப்பதற்கு அதுவே காரணம். அம்மாவிடம் வாசிக்கும்போது கணவரையும் உறவினரையும் சிறிது நேரம் வெளியே இருக்கச் சொல்லுங்கள். மூன்றாவது, எண்கள். "அரிதாக", "சில சமயம்" என்ற சொற்களை ஆளுக்கொரு விதமாகப் புரிந்துகொள்வார்கள் என்பதால், பிரிட்டனின் மகப்பேறு மருத்துவர்களுக்கான ராயல் கல்லூரி இந்த ஆபரேஷனுக்குச் சொல்லும் அளவுகளை "நூறு பேரில், ஆயிரம் பேரில், பத்தாயிரம் பேரில் இத்தனை பேர்" என்று எண்ணாகவே தந்திருக்கிறேன். கர்ப்பப்பை, மூத்திரப்பை, ஆபரேஷன் என்று வீட்டில் புழங்கும் சொற்களையே வைத்திருக்கிறேன். அவற்றைக் கொச்சை என்று நினைத்து வேறு சொல்லுக்கு மாற்றி வாசிக்க வேண்டாம்.

படிவம்

இது 46 வயதான, உள்நோயாளி எண் 2316 கொண்ட அம்மாவுக்கான படிவம். வாசித்துக் காட்டிய நாள் 2025 மார்ச் 10. ஆபரேஷன் நடக்க இருக்கும் நாள் 2025 மார்ச் 12.

அம்மா, இதை நாங்கள் மெதுவாக வாசிக்கிறோம். புரியாத இடத்தில் நிறுத்தச் சொல்லுங்கள். எத்தனை முறை கேட்டாலும் திரும்பச் சொல்வோம். இன்றைக்கே பதில் சொல்ல வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. நாளை மாலை வரை யோசிக்கலாம். நீங்கள் நம்பும் ஆளிடம் பேசலாம். வேறு டாக்டரிடமும் கேட்டுப் பார்க்கலாம்.

உங்களுக்கு என்ன நோய்

உங்கள் கர்ப்பப்பையில் பெரிய சாத்துக்குடி அளவில், அதாவது 9 சென்டிமீட்டர் அளவில், ஒரு கட்டி இருக்கிறது. ஸ்கேனில் பார்த்தவரை இது நார்க் கட்டி போலத் தெரிகிறது. இந்த வகைக் கட்டி புற்றுநோய் அல்ல. ஆனாலும் எடுத்த பிறகு சோதனைக் கூடத்தில் பார்த்தால்தான் உறுதியாகச் சொல்ல முடியும். இந்தக் கட்டியால்தான் மாதவிலக்கின்போது உங்களுக்கு அதிகமாக ரத்தம் போகிறது. உங்கள் ரத்த அளவு 8.2 ஆகக் குறைந்திருந்தது. இரண்டு பாட்டில் ரத்தம் ஏற்றிய பிறகு இப்போது 10.4 ஆக இருக்கிறது.

என்ன செய்யப் போகிறோம்

அடிவயிற்றில் கிழித்து, கர்ப்பப்பையையும் கர்ப்பப்பையின் வாயையும் எடுத்துவிடுவோம். இரண்டு பக்கமும் உள்ள முட்டைப்பைகளை எடுக்க மாட்டோம். அவற்றையும் எடுக்க வேண்டும் என்று பிறகு தோன்றினால், நீங்கள் கண் விழித்த பிறகு உங்களிடம் பேசி, தனியாகச் சம்மதம் வாங்கித்தான் செய்வோம்.

இதற்கு ஒரே ஒரு விலக்கு உண்டு. ஆபரேஷன் நடக்கும்போது உடனே செய்யாவிட்டால் உங்கள் உயிர் போகும், அல்லது உடம்புக்குப் பெரிய கேடு வரும் என்ற நிலை வந்து, உங்களைக் கேட்கும் வரை காத்திருக்க முடியாமல் இருந்தால் மட்டும், அந்த ஆபத்தைத் தடுக்க எவ்வளவு தேவையோ அவ்வளவை டாக்டர் செய்வார். பின்னால் செய்ய வேண்டியதை இப்போதே சேர்த்துச் செய்தால் வசதி என்பதற்காக எதையும் செய்ய மாட்டார்.

முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மரத்துப்போகச் செய்வோம். அது போதாவிட்டால் முழு மயக்கம் கொடுப்போம். மயக்க மருந்து டாக்டர் நாளை தனியாக வந்து உங்களிடம் பேசுவார்.

இதனால் என்ன ஆகும்

இனி உங்களுக்கு மாதவிலக்கு வராது. இனி உங்களால் கருத்தரிக்க முடியாது. எடுத்த கர்ப்பப்பையைத் திரும்ப வைக்க முடியாது. முட்டைப்பைகள் உள்ளேயே இருந்தாலும், சிலருக்கு மாதவிலக்கு நிற்கும் காலத்தில் வரும் உடல் சூடு, வியர்வை போன்றவை சற்று முன்னதாகவே வரலாம். ஆறு வாரம் வரை தண்ணீர்க் குடம், விறகுக் கட்டு, அரிசி மூட்டை எதையும் தூக்கக் கூடாது. கணவனும் மனைவியும் சேர்ந்திருக்கவும் கூடாது. வேலைக்கு எப்போது போகலாம் என்று டாக்டர் சொல்வார்.

என்ன ஆபத்து வரலாம்

நல்ல டாக்டர் கவனமாகச் செய்தாலும் சில கெடுதல்கள் வரலாம். நூறு பெண்களுக்கு இந்த ஆபரேஷன் செய்தால் ஏறக்குறைய 4 பேருக்கு ஏதாவது ஒரு பெரிய சிக்கல் வருகிறது. ஆயிரம் பேரில் ஏறக்குறைய 23 பேருக்கு அதிகமாக ரத்தம் போய், ரத்தம் ஏற்ற வேண்டியிருக்கும். ஆயிரம் பேரில் 7 பேருக்கு மூத்திரப்பையிலோ, மூத்திரம் இறங்கும் குழாயிலோ காயம் படலாம். அதைச் சரிசெய்ய இன்னொரு ஆபரேஷன் தேவைப்படலாம். ஆயிரம் பேரில் 4 பேருக்குக் காலிலோ நுரையீரலிலோ ரத்தம் உறைந்து அடைக்கலாம். குடலில் காயம் படுவது இதைவிடக் குறைவு: பத்தாயிரம் பேரில் 4 பேர். தையல் போட்ட இடத்தில் சீழ் பிடிக்கலாம், காய்ச்சல் வரலாம். இந்த ஆபரேஷனால் உயிர் போவதும் உண்டு. பத்தாயிரம் பேரில் ஏறக்குறைய 3 பேர்.

வேறு வழி இருக்கிறதா

இருக்கிறது. ரத்தப்போக்கைக் குறைக்கும் மாத்திரை சாப்பிடலாம். கர்ப்பப்பைக்குள் மருந்து கலந்த காப்பர்-டி போன்ற சிறு கருவியை வைக்கலாம். ஆனால் உங்கள் கட்டி பெரிதாக இருப்பதால் அது நிற்காமல் வெளியே வந்துவிடலாம். கர்ப்பப்பையை வைத்துக்கொண்டு கட்டியை மட்டும் எடுக்கலாம். அப்படிச் செய்தால் கட்டி திரும்ப வரலாம். ஒன்றும் செய்யாமல், மாதவிலக்கு தானாக நிற்கும் வரை காத்திருக்கலாம். நின்ற பிறகு இந்தக் கட்டி பெரும்பாலும் சுருங்கும், ஆனால் அதுவரை ரத்தம் போய்க்கொண்டே இருந்தால் சோகை மறுபடி வரும். இவற்றில் எதைத் தேர்ந்தெடுத்தாலும் எங்கள் மருத்துவமனையில் உங்களுக்குத் தொடர்ந்து வைத்தியம் பார்ப்போம்.

உங்கள் உரிமை

நீங்கள் வேண்டாம் என்று சொல்லலாம். கையெழுத்துப் போட்ட பிறகும், மயக்க மருந்து கொடுக்கும் நிமிடம் வரை மனதை மாற்றிக்கொள்ளலாம். அதற்காக யாரும் உங்களிடம் கோபப்பட மாட்டார்கள். உங்கள் நோய் பற்றிய விவரத்தை, உங்கள் அனுமதி இல்லாமல் அல்லது சட்டம் கேட்காமல், வெளியாருக்குச் சொல்ல மாட்டோம். உங்கள் வைத்தியக் குறிப்புகளின் நகலைக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் கொடுப்போம்.

நோயாளியின் வாக்குமூலம்

எனக்கு 18 வயதுக்கு மேல் ஆகிறது. நான் தெளிந்த மனதோடு இருக்கிறேன். மேலே உள்ளது எல்லாம் எனக்குத் தெரிந்த தமிழில் எனக்கு வாசித்துக் காட்டப்பட்டது. நான் கேட்ட கேள்விகளுக்குப் பதில் கிடைத்தது. எனக்கு என்ன நோய், எதை எடுக்கப் போகிறார்கள், எதை எடுக்க மாட்டார்கள், என்ன ஆபத்து, வேறு என்ன வழி என்பதை என் சொந்த வார்த்தையில் செவிலியரிடம் திருப்பிச் சொன்னேன். நோய் கட்டாயம் குணமாகும் என்று யாரும் எனக்கு உறுதி கொடுக்கவில்லை. யாரும் என்னை மிரட்டவில்லை, ஏமாற்றவில்லை, வற்புறுத்தவில்லை. கர்ப்பப்பையையும் அதன் வாயையும் எடுக்கும் ஆபரேஷனுக்கும், அதற்கு வேண்டிய மயக்க மருந்துக்கும், தேவைப்பட்டால் ரத்தம் ஏற்றுவதற்கும், எடுத்ததைச் சோதனைக்கு அனுப்புவதற்கும் நான் சம்மதிக்கிறேன். இதைத் தவிர வேறு எதற்கும், மேலே சொன்ன உயிராபத்து நிலையைத் தவிர, நான் சம்மதிக்கவில்லை. கவனக்குறைவால் எனக்குக் கெடுதல் நடந்தால் சட்டப்படி நியாயம் கேட்கும் உரிமையை இந்தக் கையெழுத்தால் நான் விட்டுக்கொடுக்கவில்லை.

கணவரின் வாக்குமூலம்

இந்த ஆபரேஷனுக்குப் பிறகு எங்களுக்குக் குழந்தை பிறக்காது என்பது எனக்கு விளக்கப்பட்டது. அதற்கு நான் சம்மதிக்கிறேன். ஆபரேஷன் செய்துகொள்வதா வேண்டாமா என்று முடிவு செய்வது என் மனைவி. அவர் வேண்டாம் என்று சொன்னால் என் கையெழுத்து செல்லாது.

சாட்சியின் வாக்குமூலம்

நான் இந்த மருத்துவமனையில் வேலை செய்பவர் அல்ல. நோயாளியின் உறவினரும் அல்ல. எனக்குத் தமிழ் படிக்கத் தெரியும். படிவத்தில் உள்ளதையே செவிலியர் ஒரு வரியும் விடாமல் வாசித்ததை நான் கூட இருந்து கேட்டேன். நோயாளி தானாகவே தன் இடது கைப் பெருவிரல் ரேகையை வைத்ததைப் பார்த்தேன்.

டாக்டரின் வாக்குமூலம்

ஆபரேஷன் செய்யப்போகும் நானே நோயாளியிடம் நேரில் பேசினேன். அவர் திருப்பிச் சொன்னதில் முட்டைப்பைகளையும் எடுப்போம் என்று தவறாகப் புரிந்துகொண்டிருந்ததால், படம் வரைந்து மறுபடி விளக்கினேன். இரண்டாம் முறை சரியாகச் சொன்னார். இந்தப் படிவத்தின் ஒரு நகலை அவர் கையில் கொடுத்துவிட்டேன்.