திருட்டு இழப்பீடு கோரும் கடிதம்: கேமரா ஒன்று, லென்ஸ் இரண்டு

16.6.2025
மதுரை

அனுப்புநர்
மு. செந்தில்குமார்,
திருமணப் புகைப்படக் கலைஞர், மதுரை.

பெறுநர்
கிளை மேலாளர் அவர்கள்,
இழப்பீட்டுப் பிரிவு, மதுரைக் கிளை.

பொருள்: உபகரணக் காப்பீட்டுப் பாலிசியின் கீழ் ரூ.6,38,500 இழப்பீடு கோருதல் தொடர்பாக.
பாலிசிக் காலம்: 1.12.2024 முதல் 30.11.2025 வரை.

ஐயா,

வணக்கம். 5.6.2025 காலை 7.20 மணிக்குத் தொலைபேசியிலும் அன்றே மின்னஞ்சலிலும் தெரிவித்த திருட்டுக்கான முழு விவரம் இது. தங்கள் சர்வேயர் 7.6.2025 அன்று இடத்தைப் பார்த்துவிட்டார்.

4.6.2025 இரவு வரவேற்பு முடிந்ததும், மண்டபத்தின் இரண்டாம் மாடியில் எங்களுக்கு ஒதுக்கிய அறையில், இரும்பு பீரோவுக்குள் கேமரா பையை வைத்து 12.40 மணிக்கு அறையைப் பூட்டினோம். சாவி என் உதவியாளரிடம் இருந்தது. பெண் வீட்டாரின் சாமான்கள் அறையை நிறைத்திருந்ததால் நாங்கள் படுத்தது கீழ்த்தளத்தில். முகூர்த்த வேலைக்காக 4.10க்கு மேலே போனபோது, பூட்டு பூட்டியபடியே தொங்கியது. அது மாட்டியிருந்த கொண்டி மட்டும் நான்கு ஸ்க்ரூக்களோடு நிலையிலிருந்து பிடுங்கப்பட்டிருந்தது. பீரோ கதவு நெம்பப்பட்டிருந்தது. பலவந்தமாக நுழைந்ததற்கான அடையாளம் வேண்டும் என்ற பாலிசி நிபந்தனைக்கு இந்த இரண்டின் புகைப்படங்களும் போதுமானவை என்று கருதுகிறேன். மாடிப்படி சிசிடிவி அன்று வேலை செய்யவில்லை. மண்டப மேலாளர் அதை எழுதிக் கொடுத்துள்ளார். பாரதிய நியாய சன்ஹிதா 331(4), 305 பிரிவுகளில் 5.6.2025 அன்றே எஃப்ஐஆர் பதிவாகியுள்ளது. மூன்று சீரியல் எண்களும் அதில் உள்ளன.

திருடு போனவை:

கேனான் ஆர்6 மார்க் 2 பாடி, சீரியல் எண் 032026004718. பில் எண் 2317, நாள் 14.3.2024, ரூ.2,18,500.

கேனான் ஆர்எஃப் 24-70 எஃப்2.8 லென்ஸ், சீரியல் எண் 4820013365. அதே பில், ரூ.1,96,000.

கேனான் ஆர்எஃப் 70-200 எஃப்2.8 லென்ஸ், சீரியல் எண் 6310007942. பில் எண் 4086, நாள் 22.11.2024, ரூ.2,24,000.

பையோடு போன இரண்டு பேட்டரிகளும் 85 எம்எம் லென்ஸும் பாலிசி அட்டவணையில் இல்லை. அவற்றுக்குக் கோரவில்லை.

24-70 லென்ஸின் எண் பற்றி ஒரு விளக்கம். பாலிசி அட்டவணையில் அது 4820013356 என்று அச்சாகியுள்ளது. கடைசி இரண்டு இலக்கங்கள் இடம் மாறியிருக்கின்றன. பாலிசி எடுத்தபோது நான் கொடுத்த முன்மொழிவுப் படிவத்தின் நகலில் 65 என்றே உள்ளது. பில்லிலும் பெட்டி லேபிளிலும் அதே எண். திருட்டுக்குச் சில மணி நேரம் முன்பு எடுத்த படங்களுக்குள்ளும் அது பதிவாகியிருக்கிறது. அன்றிரவு 11.30க்கு மெமரி கார்டுகளை லேப்டாப்பில் ஏற்றிவிட்டதால் மூலக் கோப்புகள் தப்பின. 10.47க்கு இந்த லென்ஸில் எடுத்த படத்தைச் சர்வேயர் தாமே சோதிக்கலாம்:

```
exiftool -SerialNumber -LensSerialNumber IMG_4127.CR3
```

பாடி எண், லென்ஸ் எண் இரண்டும் சேர்ந்தே வரும். 70-200க்கு IMG_3862.CR3, இரவு 8.15. திருட்டு நடந்த இரவில் இந்த மூன்று பொருள்களும் என் கையில் இருந்தன என்பதற்கும் இவையே சான்று. ஜேபெக்காக மாற்றி வாட்ஸ்அப்பில் அனுப்பினால் இந்த விவரம் அழிந்துவிடும் என்பதால் மூலக் கோப்புகளைப் பென்டிரைவில் தருகிறேன்.

தொகை பற்றி. மூன்றின் பில் விலையும் காப்பீட்டுத் தொகையும் ஒன்றே, மொத்தம் ரூ.6,38,500. கடைக்காரரிடம் 10.6.2025 அன்று வாங்கிய விலைப்பட்டியலில் இன்றைய விலை எதுவும் இதைத் தாண்டவில்லை. ஆகவே குறைக் காப்பீடு என்று விகிதம் போட்டுக் குறைக்க இடமில்லை. எனக்கு ஜிஎஸ்டி பதிவு கிடையாது, உள்ளீட்டு வரி வரவு எடுத்ததில்லை. வரி சேர்ந்த பில் தொகைதான் என் இழப்பு. பாலிசிப்படி 5 சதவீதம், ரூ.31,925 என் பங்காகக் கழிந்தால் வர வேண்டியது ரூ.6,06,575.

தேய்மானம் கழிக்கப்படும் என்று சர்வேயர் வாய்மொழியாகச் சொன்னார். கழிப்பதானால் எந்தப் பொருளுக்கு எத்தனை சதவீதம், எந்த நிபந்தனையின்படி என்று எழுத்தில் தர வேண்டுகிறேன். பாடிக்கு 15 மாதம், 70-200க்கு ஏழு மாதம்கூட ஆகவில்லை. மூன்றுக்கும் ஒரே விகிதம் பொருந்தாது. சர்வே அறிக்கையின் நகலும் தேவை.

14.3.2024 பில்லுக்கான தவணைக் கடன் மார்ச் 2025இல் முடிந்தது. கடன் கொடுத்தவரின் நிலுவையில்லாச் சான்று இணைப்பில் உள்ளதால் தொகையை என் வங்கிக் கணக்குக்கே அனுப்பலாம். ரத்து செய்த காசோலையும் வைத்துள்ளேன்.

பொருள்கள் கிடைக்கவில்லை என்ற காவல் துறைச் சான்று விசாரணை முடிந்த பிறகே வரும். வந்ததும் தருகிறேன்; அதுவரை மற்ற ஆவணங்களின் பரிசீலனையை நிறுத்தி வைக்க வேண்டாம். தொகை பெற்ற பின் பொருள் ஏதேனும் மீட்கப்பட்டால் ஏழு நாளுக்குள் தெரிவித்துத் தங்களிடம் ஒப்படைப்பதாக முத்திரைத் தாளில் உறுதிமொழி இணைத்துள்ளேன்.

இப்படிக்கு,
மு. செந்தில்குமார்

இணைப்பு: இழப்பீட்டுப் படிவம், பாலிசி மற்றும் முன்மொழிவுப் படிவ நகல்கள், எஃப்ஐஆர் நகல், பில்கள் 2, பெட்டி லேபிள் படங்கள் 3, பணம் செலுத்திய வங்கிப் பதிவு, கொண்டி மற்றும் பீரோவின் படங்கள், மண்டப மேலாளர் கடிதம், விலைப்பட்டியல், நிலுவையில்லாச் சான்று, ரத்து செய்த காசோலை, உறுதிமொழி, பென்டிரைவ் 1.