கனெக்ஷன் ரெக்வெஸ்ட்டோட சேத்து அனுப்புற குறிப்பு: உங்க குச்சிக்கெழங்கு இலை பேப்பர் பத்தி

வணக்கம் மேடம்,

உங்களுக்கு ஒரு கனெக்ஷன் ரெக்வெஸ்ட் அனுப்பியிருக்கேன். அந்த நோட் பாக்ஸ்ல ரெண்டு வரிக்கு மேல எடம் குடுக்கல, அதனால "உங்க குச்சிக்கெழங்கு இலை நோய் பேப்பர் எங்க ஃபைனல் இயர் ப்ராஜெக்ட்டுக்கு ரொம்ப உதவுச்சு, விவரமா மெயில் பண்றேன்"னு மட்டும் போட்டுட்டு, பேப்பர் மொதல் பக்கத்துல இருந்த மெயில் ஐடிக்கு இத எழுதுறேன். நீங்க தமிழ்ல போஸ்ட் போடுறத பாத்ததால தமிழ்லயே எழுதலாம்னு தோணுச்சு.

என் பேரு தேன்மொழி. சேலத்துல கம்ப்யூட்டர் சயின்ஸ் நாலாவது வருஷம் படிக்கிறேன். வீடு பெத்தநாயக்கன்பாளையம் பக்கம். எங்க அப்பா குச்சிக்கெழங்கு போடுறவரு, முள்ளுவாடியும் வெள்ளை தாய்லாந்தும் மாத்தி மாத்தி போடுவாரு. அதனால ப்ராஜெக்ட் டாபிக் எடுக்கறப்ப எனக்கு வேற எதுவும் யோசிக்கத் தோணல, இலைய போட்டோ எடுத்தா தேமலா, மாவுப்பூச்சியா, சத்துக் குறைபாடா, இல்ல நல்ல செடியான்னு சொல்ற மாதிரி ஒரு மாடல் பண்ணலாம்னு நானும் என் டீம்ல இருக்கற ரெண்டு பேரும் முடிவு பண்ணோம்.

எல்லாரும் ஆரம்பிக்கிற எடத்துல தான் நாங்களும் ஆரம்பிச்சோம், காகிள்ல இருக்கற கசாவா டேட்டாசெட். 21,367 படம், உகாண்டாவுல விவசாயிங்க எடுத்தது, அஞ்சு க்ளாஸ். ஆனா அதுல இருக்கற ப்ரவுன் ஸ்ட்ரீக் ஆப்பிரிக்கால தான் இருக்கு, நம்ம ஊர்ல இல்ல. நம்ம ஊர்ல தலைவலியா இருக்கற மாவுப்பூச்சி அந்த டேட்டாசெட்ல ஒரு க்ளாஸாவே இல்ல. அதனால அத வெச்சு மாடலுக்கு ஒரு அடிப்படை மட்டும் பழக்கிட்டு, ஆத்தூர், வாழப்பாடி, கெங்கவல்லி பக்கம் காட்டுக்குக் காடு போயி நாங்களே போட்டோ எடுத்தோம். எல்லாம் சாதா போன்ல எடுத்தது.

ட்ரெயின் பண்ணதும் அக்யூரசி ரொம்ப நல்லா வந்துச்சு மேடம். வகுப்புல எல்லாரும் சூப்பர்னு சொன்னாங்க. எனக்கு மட்டும் மனசு ஒப்பல, ஏன்னா நேர்ல பாக்கறப்பவே எனக்கும் அப்பாவுக்கும் சில இலைல சண்டை வரும், அவரு தேமல்னு சொல்லுவாரு நான் இரும்புச்சத்து பத்தலன்னு சொல்லுவேன், மனுசங்களுக்கே இவ்ளோ கொழப்பம் இருக்கறப்ப மாடல் மட்டும் எப்படி இவ்ளோ ஈசியா சொல்லுதுன்னு. அந்த நேரத்துல தான் தேடிட்டு இருந்தப்ப உங்க பேப்பர் கெடச்சுது.

அதுல மூணாவது செக்‌ஷன்ல நீங்க எழுதியிருந்தது தான் எங்களுக்கு எல்லாமே. படத்த கலைச்சுப் போட்டு ட்ரெயின், டெஸ்ட்னு பிரிக்கக் கூடாது, காட்டு வாரியா பிரிக்கணும், ஒரு காட்டோட படம் ஒண்ணு கூட ரெண்டு பக்கமும் இருக்கக் கூடாதுன்னு. ஏன்னு அவ்ளோ தெளிவா சொல்லியிருந்தீங்க: ஒரே காடுன்னா ஒரே மண்ணு, ஒரே வெளிச்சம், ஒரே போன், மாடல் இலைய பாக்காம காட்ட மனப்பாடம் பண்ணிடும்னு. மத்த நெறைய பேப்பர்ல அக்யூரசி நம்பர் தான் பெருசா இருக்கும், எப்படி பிரிச்சாங்கன்னு ஒரு வரி கூட இருக்காது. நீங்க உங்க நம்பர் கொறையும்னு தெரிஞ்சே ரெண்டு விதமாவும் போட்டு பக்கத்துல பக்கத்துல வெச்சு காமிச்சிருக்கீங்க. அது எனக்கு ரொம்பப் பெரிய விஷயமா பட்டுச்சு.

நாங்களும் போட்டோ எடுக்கறப்பவே காட்டுக்கு ஒரு நம்பர் குடுத்து ஃபோல்டர் போட்டு வெச்சிருந்ததால உடனே செஞ்சு பாக்க முடிஞ்சுது:

```python
from sklearn.model_selection import GroupKFold

gkf = GroupKFold(n_splits=5)
for tr, te in gkf.split(X, y, groups=field_id):
    train_and_score(tr, te)
```

நம்பர் சடார்னு எறங்குச்சு. நீங்க போட்டிருந்த மாதிரியே ஹீட்மேப்பும் போட்டுப் பாத்தோம். ஒரு காட்டுப் படத்துல மாடல் பாத்துட்டு இருந்தது இலையவே இல்ல மேடம், செடிக்கு அடியில ஓடுற கருப்பு சொட்டுநீர் டியூப. அந்தக் காட்டுல பெரும்பாலும் தேமல் செடி, வேற எந்தக் காட்டுலயும் டியூப் ஃப்ரேம்ல விழல, அதனால டியூப் இருந்தா தேமல்னு அது முடிவு பண்ணியிருக்கு. செகப்பா அந்த டியூப் மேல ஒரு கோடு, இலை எல்லாம் நீலமா கெடக்கு. உங்க பேப்பர் இல்லன்னா அத ரிப்போர்ட்ல நல்ல ரிசல்ட்டுன்னு போட்டு யாராவது ஒரு விவசாயி கைலயும் குடுத்திருப்போம்.

ஏன் இத இவ்ளோ பெருசா சொல்றேன்னா, தப்பா சொன்னா ஆகுற செலவு ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி இல்ல. தேமல்னா அந்தச் செடிய புடுங்கிடணும், முக்கியமா அதுலருந்து வெதைக்குச்சி எடுக்கவே கூடாது, வெள்ளை ஈ பரப்பறத விட நம்ம வெட்டி நடுற குச்சிலயே தான் அது அடுத்த வருஷத்துக்குப் போகுது. அறுவடை நேரத்துல கீழ் இலை எல்லாம் கொட்டிடும், அப்ப பாத்து நல்ல குச்சி எதுன்னு சொல்றது கஷ்டம், செடி சின்னதா இருக்கறப்பவே அடையாளம் வெச்சாத்தான் உண்டு. மாவுப்பூச்சி கதை வேற. 2020ல கேரளால கண்டுபிடிச்சாங்க, கொஞ்ச நாள்லயே நம்ம சேலம், நாமக்கல் பக்கம் வந்து காட்ட காலி பண்ணுச்சு. அதுக்கு பெனின் நாட்டுலருந்து அனகைரஸ் லோபெசிங்கற குட்டிக் குளவிய கொண்டு வந்து 2022ல ஏத்தாப்பூர்லருந்து தான் விட ஆரம்பிச்சாங்க, எங்க வீட்டுக்குப் பக்கம். குளவி இருக்கற காட்டுல மாடல் பேச்ச கேட்டு மருந்தடிச்சா குளவி தான் மொதல்ல சாகும். தேமல் செடிய மாவுப்பூச்சின்னு சொன்னா நோய் குச்சில ஏறி அடுத்த வருஷம் முழு காடும் போகும். சேகோ ஃபேக்டரில மாவுச்சத்து பாயிண்ட் பாத்து தான் ரேட்டு போடுறாங்க, கெழங்கு சிறுத்து பாயிண்ட்டும் கொறஞ்சா எங்க அப்பா மாதிரி ஆளுங்களுக்கு அந்த வருஷம் கைல ஒண்ணும் நிக்காது.

உங்க பேப்பர் கடைசில லேபிள் போடுற விதி ஒரு டேபிளா குடுத்திருந்தீங்க, அதயும் அப்படியே எடுத்துக்கிட்டோம். தேமல்னா மஞ்சள் திட்டு ஒழுங்கில்லாம இருக்கும், இலை விரல் ஒண்ணு சின்னதா ஒண்ணு பெருசா கோணிக்கிட்டு இருக்கும், இரும்புச்சத்து பத்தலன்னா கொழுந்து இலை முழுசா வெளுத்து நரம்பு மட்டும் பச்சையா நிக்கும், ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்கும். சேலம் பக்கம் சுண்ணாம்பு மண்ணு நெறைய எடத்துல இருக்கறதால அந்த வெளுப்ப நாங்க அடிக்கடி பாத்தோம். அந்த டேபிள பிரிண்ட் எடுத்து காட்டுக்கு கொண்டு போனேன், அப்பாவும் படிச்சுப் பாத்துட்டு "இத எழுதுனவங்க காட்டுல நின்னு பாத்திருக்காங்க"ன்னாரு.

இப்ப ரெண்டு எடத்துல நிக்கிறோம், நீங்க ஒரு வரில சொன்னாலும் போதும்.

மொதல்ல, மாவுப்பூச்சி படம் எங்களுக்கு கொஞ்ச காட்டுலருந்து தான் கெடச்சுது, குளவி விட்டப்புறம் பூச்சி கொறஞ்சிருக்கு, அது நல்லது தான், ஆனா காட்டு வாரியா பிரிச்சா சில ஃபோல்டுல டெஸ்ட்ல மாவுப்பூச்சியே இல்லாம போயிடுது. `StratifiedGroupKFold` போட்டுப் பாத்தோம், கொஞ்சம் பரவால்ல, இருந்தாலும் ஒரே காடு தான் அந்த க்ளாஸோட மொத்த மார்க்கையும் முடிவு பண்ணுது. இந்த மாதிரி நேரத்துல ஃபோல்ட கொறைக்கிறது சரியா, இல்ல மாவுப்பூச்சிக்கு மட்டும் ஒவ்வொரு காடா வெளிய வெச்சு டெஸ்ட் பண்ணி தனியா ரிப்போர்ட் பண்றது நேர்மையா இருக்குமா? எனக்கு ரெண்டாவது தான் சரின்னு தோணுது, ஆனா அத ஒரு எக்ஸாமினர் முன்னாடி எப்படி நியாயப்படுத்துறதுன்னு தெரியல.

ரெண்டாவது, கொழுந்து. மாவுப்பூச்சி அடிச்ச கொழுந்து சுருண்டு கொத்தா முடிச்சு மாதிரி ஆயிடும், கணு நீளமே இருக்காது. அதே செடில கீழ தேமலும் இருக்கும். உங்க விதிப்படி ரெண்டு லேபிளும் குடுக்கணும், நாங்களும் குடுத்தோம். ஆனா க்ளோசப்ல எடுத்த படத்துல கொழுந்து மட்டும் தான் தெரியுது, கோணல் தேமலால வந்ததா பூச்சியால வந்ததான்னு படத்த பாத்து சொல்லவே முடியல, காட்டுல நின்னு பாத்தவனுக்குத் தான் தெரியும். அப்ப லேபிள் படத்துக்கா, செடிக்கா? நீங்க எந்தப் பக்கம் நின்னீங்கன்னு பேப்பர்ல தெளிவா இல்ல, அதான் கேக்கறேன்.

எங்க படம் எல்லாத்தையும் காட்டு நம்பர், தேதி, ரகம் பேரு எல்லாம் போட்டு ஒழுங்கா வெச்சிருக்கோம். காட்டுக்காரங்க கிட்ட படிப்பு ஆராய்ச்சிக்குக் குடுக்கலாமான்னு கேட்டுட்டு தான் எடுத்தோம், சரின்னாங்க. உங்க வேலைக்கு உபயோகப்படும்னா முழுசா அனுப்பறேன், நம்ம பக்கத்து மாவுப்பூச்சி கொழுந்து படம் உங்க டேட்டாவுல கம்மியா இருக்கறத பாத்தேன். பதிலுக்கு எதுவும் வேணாம் மேடம், அதுல வர்ற மாடல் காட்டுல வேலை செஞ்சா போதும்.

வேலைக்கோ இன்டர்ன்ஷிப்புக்கோ சிபாரிசு கேட்டு இத எழுதல. நீங்க அடுத்து என்ன எழுதுனாலும் ஒடனே படிக்கணும், அதுக்குத் தான் கனெக்ஷன். ரிப்போர்ட்ல உங்க பேப்பர சைட் பண்ணிட்டோம், லேபிள் டேபிள தமிழ்ல மாத்தி பின்னிணைப்பா போட்டிருக்கோம், உங்க பேர போட்டு தான். அப்படிப் போடுறதுல உங்களுக்கு சம்மதம் இல்லன்னா சொல்லுங்க, எடுத்துடறோம். அந்தத் தமிழ் டேபிள இதோட இணைச்சிருக்கேன், இலை நரம்பு பத்தின வரி மட்டும் ஒரு தடவ பாத்து சரியா இருக்கான்னு சொன்னீங்கன்னா அடுத்த வாரம் அப்பா கூட்டுறவு சங்கத்துல நாலு பேருக்கு குடுக்கறேன்னு சொல்லியிருக்காரு, அதுக்கு முன்னாடி திருத்திடுவேன்.

நன்றி மேடம்.

தேன்மொழி
ஃபைனல் இயர், கம்ப்யூட்டர் சயின்ஸ், சேலம்