காரைக்குடிக் கிடங்கு: தாமதமாகப் போகும் சரக்கு – மீன்முள் வரைபடமும் ஐந்து ஏன்களும்

முதலாளி பார்வைக்கு, கிடங்குப் பொறுப்பாளர் எழுதியது.

அக்டோபரில் 160 ஆர்டர்கள் போயின. 34 ஆர்டர்கள் சொன்ன நாளில் போய்ச் சேரவில்லை. அவற்றில் ஆத்தங்குடி டைல்ஸ் 23, பலகார டின்கள் 8, முகவரி தவறியவை 3. சனிக்கிழமை மாலை லோடுமேன்கள், பெட்டி கட்டுபவர்கள், கணக்குப்பிள்ளை எல்லோரும் சுவரில் ஒட்டிய பெரிய தாளைச் சுற்றி உட்கார்ந்தோம். மீனின் தலையில் பிரச்சினை, ஒவ்வொரு முள்ளிலும் ஒரு காரணம் என்று எழுதுவது திட்டம். கேள்வியைக் கேட்டு முடிப்பதற்குள் நான்கு பேர் "லாரிதான்" என்றார்கள். அதையும் ஒரு முள்ளாக எழுதிக்கொண்டேன்.

மீன்முள்

தலை (வலது ஓரம்): "அக்டோபரில் 34 ஆர்டர்கள் தாமதம்"

ஆள்: இரண்டு பெட்டி கட்டுபவர்கள் மட்டுமே, மாலையில் எல்லா வேலையும் ஒன்றாகக் குவிகிறது.
பொருள்: டைல்ஸ் கைவேலை, ஆகவே ஒரு தடவை செய்யும் ஈட்டுக்கும் அடுத்த ஈட்டுக்கும் நிறம் மாறுகிறது. மரப்பெட்டிக்குப் பலகை இரண்டு முறை தீர்ந்தது. மழையில் பலகாரம் வந்து சேர்ந்ததே தாமதம்.
முறை: ஆர்டர் சீட்டு மதியத்துக்கு மேல்தான் கிடங்குக்கு வருகிறது. பெட்டியைத் திறந்து பார்த்தே நிறம் தேர்வு செய்கிறோம்.
கருவி: தள்ளுவண்டி ஒன்று, சக்கரம் ஆடுகிறது.
தகவல்: பெட்டியில் டிசைன் பெயர் இருக்கிறது, ஈட்டு எண் இல்லை. முகவரி கையெழுத்து புரியவில்லை.
சூழல்: பின்கட்டில் வெளிச்சம் போதவில்லை.
போக்குவரத்து: லாரி தாமதம் என்ற புகார்.

கடைசி முள்ளை மறுநாளே அடித்துவிட்டேன். பார்சல் ஆபீஸ் ரசீதுகளை எடுத்துப் பார்த்தேன். அந்த மாதம் வண்டி ஒருநாள்கூட 7.30-ஐத் தாண்டிப் புறப்படவில்லை. நம் சரக்குதான் வண்டியைத் தவறவிட்டிருக்கிறது. ஆடும் சக்கரத்தைச் சரிசெய்ய வேண்டும்தான், ஆனால் அதனால் எந்த ஆர்டரும் நின்றதாகச் சான்று இல்லை. டைல்ஸின் 23 சீட்டுகளையும் ஒவ்வொன்றாகப் பார்த்ததில், 19 நிறம் தேடியதால் நின்றவை. 4 பலகை இல்லாததால் நின்றவை. ஆகவே அந்த 19-ஐப் பிடித்து, வந்த ஒவ்வொரு பதிலுக்கும் மறுபடி 'ஏன்' என்று கேட்டோம்.

ஐந்து ஏன்கள்

1. ஏன் தாமதம்? பெட்டிகள் இரவு வண்டிக்குப் போய்ச் சேரவில்லை. சான்று: 19 ரசீதுகளிலும் மறுநாள் தேதி.

2. ஏன் போகவில்லை? பெட்டி கட்டி முடிக்க 8 மணிக்கு மேல் ஆகிறது. வைக்கோல் வைத்துக் கட்டுவதை மூன்று நாள் கடிகாரம் வைத்துப் பார்த்தேன், அதில் தாமதமில்லை. அதற்கு முன்னால் சரியான நிற டைல்ஸ் கல்லைத் தேடுவதில்தான் நேரம் போகிறது.

3. ஏன் தேட வேண்டியிருக்கிறது? ஒரே டிசைன், ஆனால் நிறம் கொஞ்சம் மாறும். கண்ணாடிமேல் கையால் வண்ணம் ஊற்றிச் செய்யும் கல்லில் இது குறையே அல்ல. ஆனால் நடுக்கல் ஒரு ஈட்டிலும் பார்டர் இன்னொரு ஈட்டிலும் போனால் தரையில் திட்டாகத் தெரியும், வாங்கியவர் திருப்பி அனுப்புவார். அதனால் ஐந்தாறு பெட்டிகளைப் பிரித்து, வாசல் வெளிச்சத்துக்கு எடுத்துவந்து ஒப்பிடுகிறார்கள்.

4. ஏன் பிரித்துப் பார்க்க வேண்டும்? எது எந்த ஈடு என்று பெட்டியில் இல்லை. பட்டறையில் அடுக்கின்மேல் சாக்பீஸால் எழுதுகிறார்கள். நம் வாசலுக்கு வருவதற்குள் வைக்கோல் உரசி அழிந்துவிடுகிறது.

5. ஏன் இறக்கும்போதே நாம் எழுதி வைக்கவில்லை? இங்கே ஒருவர் "கணக்குப்பிள்ளையின் அலட்சியம்" என்றார். அதை நான் தாளில் ஏற்றவில்லை. வரவுப் பேரேட்டைக் கொண்டுவரச் சொன்னேன். இந்தப் பேரேடு கிடங்கில் முறுக்கும் தேன்குழலும் மட்டும் வைத்திருந்த காலத்தில் அச்சடித்தது: தேதி, பெயர், டின் எண்ணிக்கை, எடை. டைல்ஸ் வந்தபோது சரக்கு மாறியது, படிவம் மாறவில்லை. ஈட்டு எண்ணை எழுத அதில் இடமே இல்லை.

சங்கிலி சரியா என்று கீழிருந்து மேலே 'ஆகையால்' போட்டுப் படித்துப் பார்த்தோம். பேரேட்டில் இடமில்லை, ஆகையால் எண் பதியவில்லை; ஆகையால் பெட்டியில் எண் இல்லை; ஆகையால் தேடுகிறோம்; ஆகையால் வண்டி தவறுகிறது. எங்கும் அறுபடவில்லை.

செய்ய வேண்டியவை

பட்டறையில் சாக்பீஸுக்குப் பதிலாகப் பெட்டிப் பலகையில் பெயின்டால் ஈட்டு எண் எழுத வேண்டும், கேட்டுவிட்டேன், ஒப்புக்கொண்டார்கள். இறக்கும்போது ஒவ்வொரு ஈட்டிலும் ஒரு கல்லைத் தனியே எடுத்து, எண் ஒட்டி, வாசல் பக்க அலமாரியில் மாதிரியாக வைப்போம். இனி ஒப்பிடுவது அலமாரியோடுதான். பலகை பத்துப் பெட்டிக்குக் குறைந்தால் வாங்கச் சொல்லும் பொறுப்பு மூத்த பெட்டி கட்டுபவருக்கு. பலகார டின்களுக்கும் முகவரிக்கும் தனியாக 'ஏன்' என்று கேட்டுப் பார்க்க வேண்டும். அவை இந்தச் சங்கிலியில் சேராது.

நவம்பர் முழுவதும் சீட்டு வந்த நேரமும் பெட்டி மூடிய நேரமும் சீட்டிலேயே குறிக்கப்படும். டைல்ஸ் தாமதம் 5-க்கு மேல் போனால் இதே தாளை மறுபடியும் சுவரில் ஒட்டுவோம்.

புதிய பேரேடு அச்சடிக்கக் கணக்குப்பிள்ளை சம்மதிக்கவில்லை. பழையதில் பாதிப் பக்கங்கள் மிச்சம் என்கிறார். ஸ்கேல் வைத்து ஒவ்வொரு பக்கத்திலும் ஐந்தாவது கோடு போடத் தொடங்கிவிட்டார்.